வேலைக்குப் போய்க்கொண்டே வீடியோ வெளியிடுபவருக்கு ஏற்ற நாளும் நேரமும்

கேள்வி: நான் முழுநேர வேலையில் இருக்கிறேன். சைக்கிள் பழுதுபார்ப்பு பற்றி யூடியூபில் வாரம் ஒரு வீடியோ போடுகிறேன். சனிக்கிழமை படப்பிடிப்பு, ஞாயிற்றுக்கிழமை எடிட்டிங். யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் இருக்கும் நேரத்தைக் காட்டும் படத்தைப் பார்த்தால் எல்லா நாளும் இரவு 8 முதல் 10 வரை அடர் ஊதாவாக இருக்கிறது, ஞாயிறு இன்னும் அடர்த்தி. ஆனால் ஞாயிறு எடிட்டிங் முடிய இரவு 11 ஆகிவிடுகிறது. எந்த நாள், எந்த நேரத்தில் போடுவது?

பதில்:

ஞாயிறு இரவு 11 மணிக்கு முடித்த வீடியோவை அன்றே பதிவேற்றி, யாருக்கும் தெரியாத நிலையில் வைத்துவிடுங்கள். அடுத்து வரும் வெள்ளிக்கிழமை மாலை 6:30 மணிக்கு அது தானாக வெளியாகும்படி நேரம் குறித்துவிடுங்கள். உங்கள் நிலைக்கு நான் சொல்லக்கூடிய தொடக்க விடை இதுதான். இதை எட்டிய வழியைக் கீழே விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் பார்வையாளர்களின் பழக்கம் மாறும்போது இந்த நேரத்தை நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் அந்த ஊதாப் படம் உண்மையில் எதைக் காட்டுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸ் பகுதியில் Audience என்ற தாவலின் கீழ் When your viewers are on YouTube என்ற தலைப்பில் அது இருக்கிறது. உங்கள் வீடியோக்களைப் பார்த்தவர்கள் கடந்த 28 நாட்களில் எந்தெந்த மணி நேரங்களில் யூடியூபில் இருந்தார்கள் என்பதை அது நிற அடர்த்தியால் சொல்கிறது. அவர்கள் அந்த நேரத்தில் உங்கள் வீடியோவைப் பார்த்தார்கள் என்று அது சொல்வதில்லை; பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாலும், விளையாட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாலும், குழந்தைக்குக் கார்ட்டூன் போட்டுக் கொடுத்திருந்தாலும் அந்தக் கட்டம் அடர்த்தியாகத்தான் தெரியும். மக்கள் வேலை முடிந்து உட்காரும் இரவு நேரம் பெரும்பாலான சேனல்களில் அடர்ந்து தெரிவதற்குக் காரணம் இதுதான். ஆகவே இரவு 8 முதல் 10 வரை அடர்த்தியாக இருப்பது உங்கள் சேனலைப் பற்றிய தனிச்செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த அடர்த்தி எந்த மணியில் தொடங்குகிறது என்பதே உங்களுக்குப் பயன்படும் பகுதி.

28 நாட்கள் என்பதையும் கவனியுங்கள். அதில் ஒவ்வொரு கிழமையும் சரியாக நான்கு முறைதான் வருகிறது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று பெரிய விளையாட்டு இறுதிப் போட்டி நடந்த நாளாகவோ, நீண்ட விடுமுறையின் நடுவில் வந்த நாளாகவோ இருந்துவிட்டால், ஞாயிறு முழுவதுமே சற்றுக் கூடுதலாகக் கருத்துத் தெரியலாம். கட்டத்துக்குள் எண் எதுவும் இல்லை, நிறம் மட்டுமே இருக்கிறது. அதனால் ஞாயிறு இரவு செவ்வாய் இரவைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் என்று உங்களால் கணக்கிட முடியாது. இப்படிப்பட்ட படத்தை வைத்து ஒரு கிழமையை மற்றொன்றுக்கு மேலாக வைப்பது அந்தத் தரவு தாங்கக்கூடிய முடிவைவிடப் பெரிய முடிவு. ஒரு நாளுக்குள் ஏற்றமும் இறக்கமும் எந்த மணிகளில் நடக்கின்றன என்பதை மட்டும் அதனிடம் கேளுங்கள்; கிழமையை வேறு காரணங்களைக் கொண்டு தேர்ந்தெடுக்கலாம்.

வெளியிடும் நேரம் வீடியோவின் நீண்டகாலச் செயல்பாட்டை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அப்படியானால் நேரத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். உங்கள் பார்வைகள் எந்த வழியாக வருகின்றன என்பதைப் பொறுத்து அதற்கான விடை மாறும். ஒரு வீடியோவின் போக்குவரத்து மூலங்களைத் திறந்து பாருங்கள். YouTube search வழியாக வருபவர், தன் சைக்கிள் சங்கிலி நழுவிய நாளில் தேடி வருகிறார். நீங்கள் அதை எந்த மாதம் வெளியிட்டீர்கள் என்பதுகூட அவருக்குப் பொருட்டாக இருக்காது. Browse features, Notifications ஆகிய இரண்டின் வழியாக வருபவர்கள் வேறு வகையினர். அறிவிப்பு வந்ததும் தட்டுகிறவர்களும், சந்தாப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களும், முகப்புப் பக்கத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிறவர்களும் இவற்றில் அடங்குவார்கள். நேரத்தால் மாறக்கூடிய பார்வைகள் பெரும்பாலும் இவைதான். பழுதுபார்ப்புச் சேனல்களில் தேடல் பங்கு பெரும்பாலும் அதிகமாக இருக்கும். உங்கள் சேனலிலும் பத்தில் ஆறோ ஏழோ பார்வை தேடலிலிருந்து வருமானால், மிச்சமிருக்கும் மூன்று நான்கு பார்வைகளுக்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்த உழைப்பை மட்டும் இதற்குச் செலவிடுங்கள்.

இனி அந்த ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். உங்கள் படத்தில் 8 மணிக்கு நிறம் உச்சத்தை எட்டுகிறது என்றால், 6 மணியிலிருந்து 7 மணிக்குள் நிறம் வெளிர் ஊதாவிலிருந்து நடுத்தரத்துக்கு மாறுவது தெரியும். நான் வெளியீட்டை அந்த விளிம்பில் வைக்கச் சொல்வேன், உச்சியில் வைக்கச் சொல்ல மாட்டேன். அறிவிப்பு எல்லோருக்கும் ஒரே நொடியில் போய்ச் சேர்வதில்லை. முகப்புப் பக்கத்தில் வீடியோ பரவலாகத் தோன்றுவதற்கும் சிறிது நேரம் பிடிக்கிறது. உச்ச நேரம் பல சேனல்களுக்கும் பொது என்பதால், 8 மணிக்கு வெளியிட்டால் சந்தாப் பக்கத்தில் பலருடைய புதிய வீடியோக்களுக்கு நடுவே உங்களுடையதும் ஒன்றாகக் கிடக்கும். ஒன்றரை மணி நேரம் முன்பே வெளியிட்டால், முதலில் வரும் சிலர் பார்த்து முடித்திருப்பார்கள். ஏதாவது தவறு இருந்தால் கூட்டம் வருவதற்குமுன் உங்களுக்கும் தெரிந்துவிடும். அதைவிட மிக முன்னதாக, காலை 11 மணிக்கு, வெளியிட்டால் அறிவிப்பு பலருடைய அலுவலக நேரத்தில் போய் விழும், மாலைக்குள் மற்ற அறிவிப்புகளுக்கு அடியில் புதைந்துவிடும். 6:30 என்று நான் சொன்னது இந்தக் கணக்கில்தான். உங்கள் படத்தில் விளிம்பு 5 மணிக்கே தொடங்கினால் 5 மணியைச் சற்றுத் தாண்டி வையுங்கள்.

அடுத்து கிழமை. இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன: பார்வையாளர் அந்த வீடியோவை எப்போது பயன்படுத்துவார், வெளியான பிறகு நீங்கள் எப்போது அதனுடன் உட்கார முடியும். பிரேக் கட்டை மாற்றுவது எப்படி என்று காட்டும் வீடியோவை ஒருவர் செவ்வாய் இரவு பார்க்கலாம், ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பது சனி அல்லது ஞாயிறு காலையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வெள்ளி மாலை வெளியானால், அன்றிரவு பார்த்தவர் மறுநாள் காலையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வீடியோவுக்குத் திரும்பி வருவார், சந்தேகம் கேட்பார். இப்படித் திரும்பி வரும் பார்வையாளர்தான் இந்த வகைச் சேனலின் உயிர். ஞாயிறு இரவு வெளியிட்டால் அதே வீடியோ ஐந்து வேலை நாட்களைக் கடந்துதான் பயன்பாட்டுக்கு வரும். அதற்குள் பாதிப் பேர் அதை மறந்திருப்பார்கள். இது சைக்கிளுக்கான வாதம். செய்தி அலசலோ பொழுதுபோக்கோ உங்கள் பொருளாக இருந்திருந்தால் நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வெள்ளி பொருந்துகிறது. 6:30-க்கு வெளியாகும்போது நீங்கள் வீட்டுக்கு வரும் வழியில் இருக்கலாம். 8 மணி வாக்கில் உட்கார்ந்து முதல் கருத்துகளுக்குப் பதில் எழுதலாம். மறுநாள் படப்பிடிப்பு இருப்பதால், பார்வையாளர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதை முந்தைய இரவே படித்துவிட்டுக் கேமராவின் முன் போய் நிற்கிறீர்கள். ஞாயிறு இரவு 11-க்கு வெளியிடுகிறவருக்கு இந்த வாய்ப்பு கிடைப்பதே இல்லை. அவர் தூங்கப் போய்விடுவார், காலையில் அலுவலகம், கருத்துகள் திங்கள் மாலைவரை பதிலின்றிக் கிடக்கும்.

இந்த ஏற்பாட்டின் அடித்தளம், பதிவேற்றுவதையும் வெளியிடுவதையும் இரண்டு வேறு செயல்களாகப் பிரித்துவிடுவது. வேலைக்குப் போகிறவர்கள் படும் அவதியில் பெரும்பகுதி இவ்விரண்டையும் ஒரே மூச்சில் செய்ய முயல்வதால் வருகிறது. பதிவேற்றத்தின் கடைசிப் படியான Visibility பக்கத்தில் Schedule என்பதைத் தேர்ந்து நாளையும் நேரத்தையும் கொடுத்தால், குறித்த நேரம்வரை வீடியோ தனிப்பட்ட நிலையிலேயே இருக்கும். நேரத்துக்கு அருகில் காட்டப்படும் நேர மண்டலத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்; பயணத்தில் இருக்கும்போது வேறு நாட்டிலிருந்து குறிப்பவர்கள் இதில்தான் தவறுகிறார்கள்.

இப்படி முன்கூட்டியே பதிவேற்றுவதில் தொழில்நுட்பப் பயனும் உண்டு. யூடியூப் முதலில் குறைந்த தரத்தில்தான் வீடியோவைத் தயாராக்குகிறது, உயர் தரம் அதன் பிறகே வருகிறது. ஒரு மணி நேர நீளமுள்ள 4K வீடியோ, வினாடிக்கு 30 பிரேம் வேகத்தில் எடுத்ததாக இருந்தால், உயர் தரம் முழுமையாகத் தயாராக 4 மணி நேரம்வரை ஆகலாம் என்று யூடியூப் சொல்கிறது. உங்களுடையது அதைவிட மிகச் சிறிய வீடியோவாக இருக்கலாம், ஆனாலும் பதிவேற்றிய உடனே வெளியிட்டால் முதலில் வருகிறவர்கள் மங்கலான படத்தைத்தான் பார்ப்பார்கள். பல்சக்கரத்தின் பற்களைக் காட்டி விளக்கும் வீடியோவில் அந்த மங்கல் மன்னிக்கத்தக்கதாக இராது. ஞாயிறு இரவு ஏற்றிவிட்டால் திங்கள் காலைக்குள் உயர் தரமும் தயார், பதிப்புரிமைச் சோதனையும் முடிந்திருக்கும். பின்னணி இசையால் ஏதாவது சிக்கல் வந்தால் சரிசெய்ய நான்கு நாள் கையில் இருக்கும். அதில் ஒரு நாள், உணவு இடைவேளையிலோ பயணத்திலோ, வீடியோவை முழுவதுமாக உங்கள் கைபேசியில் பார்த்துவிடுங்கள். எடிட்டிங் செய்த கணினித் திரையில் தெரிந்த எழுத்து கைபேசியில் படிக்க முடியாமல் போவதும், ஒரு காதில் மட்டும் ஒலி கேட்பதும் அப்போதுதான் வெளிப்படும்.

வெள்ளி 6:30 உண்மையிலேயே ஞாயிறு மாலையைவிடச் சிறந்ததா என்பதைச் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் அதைப் பலரும் செய்யும் முறையில் ஒரு பிழை இருக்கிறது. அவர்கள் முதல் 24 மணி நேரப் பார்வைகளை ஒப்பிடுகிறார்கள். வெள்ளி மாலை வெளியான வீடியோவின் முதல் 24 மணி நேரத்தில் ஒரு சனிக்கிழமைப் பகல் முழுவதும் அடங்கிவிடுகிறது. ஞாயிறு மாலை வெளியானதற்கோ திங்கட்கிழமை அலுவலக நேரம்தான் கிடைக்கிறது. இந்த ஒப்பீட்டில் வெள்ளி வென்றால் அது வியப்பே இல்லை, அதிலிருந்து எதுவும் தெரியவும் போவதில்லை. தேதிவாரியான அட்டவணையைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும், ஏனென்றால் அனலிட்டிக்ஸில் ஒரு நாள் என்பது பசிபிக் நேரப்படி தொடங்கி முடிகிறது. நீங்கள் வசிக்கும் இடத்தைப் பொறுத்து, வெளியான தேதியின் கணக்கில் சில மணி நேரப் பார்வைகளே இருக்கக்கூடும். அதனால் வெளியானதிலிருந்து 7 நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமையில் தொடங்கினாலும் 7 நாட்களில் எல்லாக் கிழமையும் ஒருமுறை வந்துவிடும். அந்த 7 நாட்களில் தேடலை விட்டுவிட்டு, Browse features, Notifications ஆகிய இரண்டின் கூட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் வெள்ளி, மறுவாரம் ஞாயிறு என்று மாற்றி மாற்றி எட்டு வீடியோக்கள் போட்டதாக வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நானே எண்களைத் தருகிறேன். வெள்ளிக்கிழமை வீடியோக்கள் நான்கும் முறையே 310, 190, 420, 260 பார்வைகள் பெற்றன. ஞாயிற்றுக்கிழமை வீடியோக்கள் 280, 350, 210, 300 பெற்றன. சராசரி பார்த்தால் வெள்ளிக்கு 295, ஞாயிறுக்கு 285, ஆக வெள்ளி மேல். நான்கையும் வரிசைப்படுத்தி நடுவில் இருக்கும் இரண்டின் சராசரியைப் பார்த்தால் வெள்ளிக்கு 285, ஞாயிறுக்கு 290, இப்போது ஞாயிறு மேல். ஒரே எண்களை இரண்டு விதமாகப் பார்த்ததும் வெற்றி கைமாறுகிறது என்றால் அங்கே வேறுபாடே இல்லை என்றுதான் பொருள். வெள்ளி வீடியோக்களுக்குள்ளேயே 190-க்கும் 420-க்கும் இடையே 230 பார்வை இடைவெளி இருக்கிறது, அது தலைப்பாலும் முகப்புப் படத்தாலும் வந்த இடைவெளி. அதன் முன்னால் 10 பார்வை வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

இதே பட்டியலில் ஞாயிறு வீடியோ ஒன்று 350-க்குப் பதிலாக 1,400 பெற்றிருந்தால் ஞாயிறு சராசரி 547-ஐத் தாண்டிவிடும், நடு எண்ணோ 290-லேயே நிற்கும். ஒரு வீடியோ நன்றாக ஓடியதை நாளின் பெருமையாக எண்ணி, அடுத்த ஆறு மாதம் அந்த நாளையே கட்டிக்கொண்டு உழல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நடு எண்ணை வற்புறுத்துகிறேன். இரண்டு தொகுப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தால் சோதனையை நிறுத்திவிட்டு உங்களுக்கு எளிதான நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அது தோல்வியுற்ற சோதனை ஆகாது, உங்கள் தூக்கத்தை விலையாகக் கொடுக்கத் தேவையில்லை என்று எண்களே சொல்லிவிட்ட சோதனை. ஒரு தொகுப்பின் மிகக் குறைந்த எண்ணே மற்றதன் மிக உயர்ந்த எண்ணுக்கு அருகில் இருந்தால் மட்டும், கொஞ்சம் சிரமப்பட்டாவது அந்த நாளைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஸ்டுடியோவின் ஊதாப் படம் தவறான வழி காட்டும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. நீங்கள் போட்ட ஒரு ஷார்ட்ஸ் திடீரென்று பரவி, உங்கள் வழக்கமான பார்வையாளர்களைவிடப் பல மடங்கு பேர் அதைப் பார்த்துவிட்டால், அடுத்த 28 நாட்களுக்கு அந்த ஊதாப் படம் பெரும்பாலும் அவர்களுடைய படமாக ஆகிவிடும். அவர்கள் வேறு நேர மண்டலத்தில் இருக்கலாம், உங்கள் நீண்ட வீடியோவை ஒருபோதும் திறக்காதவர்களாகவும் இருக்கலாம். படத்தில் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ புதிதாக ஓர் அடர்ந்த பட்டை தோன்றினால் உடனே நேரத்தை மாற்றாதீர்கள்; அதே Audience பகுதியில் நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். மேலே புதிய நாடு ஒன்று வந்திருந்தால், நீண்ட வீடியோக்களை மட்டும் தனியே பிரித்து, அங்கும் அதே நாடு வருகிறதா என்று பாருங்கள். அங்கே வரவில்லை என்றால், ஷார்ட்ஸ் அலை அடங்கும்வரை காத்திருந்து பிறகு படத்தைப் பார்ப்பதே சரி.

அலுவலகத்தில் நெருக்கடி வந்து ஞாயிறு எடிட்டிங் முடியாமல் போகும் வாரங்களும் இருக்கும். வெள்ளி வெளியீட்டில் இன்னொரு வசதி, உங்களுக்கு இடையில் நான்கு மாலைகள் மிச்சம் இருப்பது. புதன் இரவு முடித்தால்கூட உயர் தரம் தயாராகப் போதிய நேரம் கிடைக்கும். வியாழன் இரவுக்குள் முடியவில்லை என்றால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த வெள்ளிக்குக் குறித்துவிடுங்கள் என்பதே என் கருத்து. வெள்ளி இரவு 11:45-க்கு அவசரமாக வெளியிட்டால் அன்றைய உச்ச நேரமும் போய்விடும், மறுநாள் படப்பிடிப்புக்கான தூக்கமும் போய்விடும். பழுதுபார்ப்பு வீடியோ ஒரு வாரத்தில் காலாவதியாகிற பொருள் இல்லை. இப்படிக் கிடைக்கும் கூடுதல் வாரத்தில் இரண்டு வீடியோக்களைத் தயாராக்கி, ஒன்றை எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொள்ள முடிந்தால் இந்த நெருக்கடியே அரிதாகிவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை படத்தைத் திறந்து விளிம்பு நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கோடைக்கு ஒரு மணி நேரம் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் உங்கள் பார்வையாளர்கள் கணிசமாக இருந்து, உங்கள் நாட்டில் அந்த மாற்றம் இல்லையென்றால், ஆண்டில் இருமுறை விளிம்பு ஒரு மணி நேரம் நகர்வதைக் காண்பீர்கள். நகர்வு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் 6:30-ஐ அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால், அடுத்து நேரம் குறிக்கும் வீடியோவிலிருந்து அதே அளவு நகர்த்திக்கொள்ளுங்கள்.